முதல் மூச்சில் மூடும் வழிகள்

கருவிலுள்ள குழந்தையின் நுரையீரலில் காற்று இல்லை, திரவமே நிறைந்திருக்கும். ஆக்சிஜன் கலந்த ரத்தம் நஞ்சுக்கொடியிலிருந்து தொப்புள் சிரை வழியே வருகிறது. அதில் ஒரு பகுதி கல்லீரலுக்குள் நுழையாமல், டக்டஸ் வினோசஸ் என்ற குறுக்குக் குழாய் வழியே நேராகப் பெருஞ்சிரையை அடைகிறது. இதயத்தின் இரு மேலறைகளுக்கு இடையே ஃபோரமென் ஓவேல் என்ற துளை உண்டு. நுரையீரல் தமனியையும் மகாதமனியையும் டக்டஸ் ஆர்ட்டீரியோசஸ் இணைக்கிறது. இவ்விரண்டும் ரத்தத்தை நுரையீரலுக்குப் போகவிடாமல் திருப்பிவிடுகின்றன.

பிறந்த குழந்தை மூச்சிழுத்ததும் நுரையீரல் விரிகிறது. அங்கிருந்து திரும்பும் ரத்தம் இடது மேலறையில் அழுத்தத்தைக் கூட்டுகிறது. துளையின் இடப்பக்கத்து மடல் கதவுபோல் அழுந்தி மூடுகிறது. பின்னர் அது ஒட்டிக்கொண்டு, ஃபோஸா ஓவாலிஸ் என்ற சிறு குழியாக எஞ்சும். நான்கில் ஒருவருக்கு அது முழுமையாக ஒட்டுவதில்லை.

ரத்தத்தில் ஆக்சிஜன் உயர்வதாலும், நஞ்சுக்கொடி தந்த புரோஸ்டாகிளாண்டின் குறைவதாலும் டக்டஸ் ஆர்ட்டீரியோசஸின் தசைச்சுவர் சுருங்குகிறது. பெரும்பாலும் 3 நாட்களுக்குள் ரத்த ஓட்டம் நிற்கும். சில வாரங்களில் அது லிகமெண்டம் ஆர்ட்டீரியோசம் என்ற நாராகும். குறைமாதக் குழந்தைகளுக்கு இது திறந்தே இருப்பதுண்டு. அப்போது ரத்தம் நுரையீரலில் மிகுந்து, மூச்சு வேகமாகும். மார்பில் தொடர் முணுமுணுப்பு கேட்கும். இபுபுரோஃபென் போன்ற மருந்து புரோஸ்டாகிளாண்டினைக் குறைத்து அதை மூட உதவும்.

டக்டஸ் வினோசஸ் லிகமெண்டம் வினோசமாகவும், தொப்புள் சிரை கல்லீரலின் உருண்டை நாராகவும் மாறுகின்றன. தொப்புள் தமனிகள் இரண்டின் முன்பகுதி வயிற்றுச் சுவரில் நாராகிறது. தொடக்கப் பகுதி மட்டும் சிறுநீர்ப்பைக்கு ரத்தம் தரும் குழாயாக வாழ்நாள் முழுதும் நிலைக்கிறது.