அடுக்களைக்குச் சரிப்பட்ட மடிப்புக் கதவு பால்கனிக்குச் சரிப்படுமா?

பாளையங்கோட்டையில் மாடி வீடு. அடுக்களை வாசலில் பிவிசி மடிப்புக் கதவு நாலு வருஷமாக நன்றாக ஓடுகிறது. மேற்குப் பார்த்த பால்கனிக்கும் அதையே போடலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். காரணம், ஆனி ஆடிக் காற்று.

கதவு எதைப் பிடித்து நிற்கிறது? மேலே உள்ள தண்டவாளத்தை (சக்கரம் ஓடும் அலுமினியச் சேனல்) மட்டும்தான். கீழே பிடிமானம் இல்லை. தரைக்கு மேல் ஒரு விரல் இடைவெளி விட்டுத் தொங்குகிறது. எடை குறைவு என்பதால் அடுக்களைக்கு அது போதும்.

காற்று அப்படி என்ன செய்துவிடும்? செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று 40 கிலோமீட்டர் வேகத்தில் நேராக அடிக்கிறது என்று வையுங்கள். 3 அடி அகலம், 7 அடி உயரக் கதவில் ஏறக்குறைய 15 கிலோ எடைக்குச் சமமான தள்ளல் விழும். வேகம் பாதியானால் தள்ளல் கால்வாசிதான். இருமடங்கானால் நாலு மடங்கு. அடுக்களைக் கதவை மூடி வைக்கும் காந்தப் பட்டை இதற்கு ஈடுகொடுக்காது.

கீழே ஒரு தாழ்ப்பாள் வைத்தால்? ஓரச் சட்டம் நிற்கும். நடு மடிப்புகள் கப்பல் பாய் மாதிரி உப்பி அடித்துக்கொள்ளும். சட்டமும் உள்ளே பொள்ளல், திருகாணி பிய்ந்து வரும்.

அப்படியானால் பால்கனிக்கு எது? அலுமினியச் சட்டத்தில் கண்ணாடி போட்ட மடிப்புக் கதவு, மேலும் கீழும் தண்டவாளத்தோடு. இங்கே எடையைப் பாருங்கள். 2 அடிக்கு 7 அடிப் பலகை ஒன்றில் 5 மில்லிமீட்டர் கண்ணாடியே 16 கிலோ இருக்கும். 8 அடி வாசலுக்கு நாலு பலகை. கண்ணாடி மட்டும் 65 கிலோ. திறந்தால் அவ்வளவும் ஒரு ஓரத்தில் குவியும். ஆகவே அந்த ஓரத்தில் திருகாணிகள் காங்கிரீட் லிண்டலில் (வாசலுக்கு மேலுள்ள விட்டம்) இறங்கியிருக்க வேண்டும். பூச்சில் மட்டும் நின்றால் சில மாதத்தில் தண்டவாளம் தொய்யும். கதவின் கீழ்மூலை தரையை உரசினாலோ, பூட்டும்போது கொக்கி துளைக்குக் கீழே இறங்கி நின்றாலோ அதுதான் அடையாளம். கொக்கித் துளையை ராவிப் பெரிதாக்கச் சொல்வார்கள். ஒப்பாதீர்கள், மேலே இறுக்கச் சொல்லுங்கள்.

அளவு எடுப்பது எப்படி? உயரத்தை இரு ஓரத்திலும் நடுவிலும் எடுத்து, மிகக் குறைந்ததை வையுங்கள். பால்கனித் தரை தண்ணீர் வடியச் சரிந்திருக்கும். ஒரு இடத்தில் மட்டும் அளந்தால் கதவு மேட்டில் முட்டும்.

கீழ்த் தண்டவாளத்தில் மண் சேராதா? கட்டாயம் சேரும். ஆடியில் வாரம் ஒருமுறை பழைய பல் துலக்கியால் தள்ளிவிடுங்கள். எண்ணெய் மட்டும் விடாதீர்கள், மண்ணோடு சேர்ந்து பசையாகி சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். ஐப்பசி மழைக்கு முன், தண்டவாளத்தின் வடிதுளை வெளிப்பக்கம் திறந்திருக்கிறதா என்று ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அடைத்திருந்தால் தண்ணீர் வீட்டுக்குள் திரும்பும்.