ஆண்டு முழுக்கத் தேடுவதும் சில வாரம் பேசுவதும்

இட்லி மாவை எந்தப் பதத்தில் அரைப்பது என்று யூடியூபில் யாராவது தேடாத மாதம் இல்லை. 2020 ஊரடங்கின்போது பரவிய டால்கோனா காபியின் கதை வேறு. இன்ஸ்டன்ட் காபித்தூள், சர்க்கரை, வெந்நீர் மூன்றையும் சம அளவில் நுரைக்க அடித்துப் பாலின் மேல் ஊற்றும் அந்தக் காபியைச் சில மாதங்கள் எல்லோரும் தேடினார்கள். பிறகு தேடல் வடிந்துவிட்டது. முதலாவது நிலைத்த தலைப்பு, இரண்டாவது டிரெண்டிங். சமையல் சேனல் நடத்துபவருக்கு இரண்டும் தேவைதான். ஆனால் ஆண்டுத் திட்டத்தில் இரண்டுக்கும் ஒரே மாதிரி இடம் ஒதுக்க முடியாது.

வாரம் ஒரு வீடியோ என்றால் ஆண்டுக்கு 52 இடங்கள். முதலில் குறிக்க வேண்டியவை பண்டிகைகள். அவை நிலைத்த தலைப்புகளே. தேதி மட்டும் நகரும். தீபாவளி 2025இல் அக்டோபர் 20, 2026இல் நவம்பர் 8. அதிரச மாவு சில நாள் ஊற வேண்டும் என்பதால், செய்பவர்கள் முன்கூட்டியே தேடுவார்கள். தீபாவளிக்கு முந்தைய நாள் வரும் அதிரச வீடியோ அந்த ஆண்டுக்குப் பயன்படாது. மூன்று, நான்கு வாரம் முன்பே ஏற்றிவிடுவது நல்லது.

இப்படிப் பண்டிகைகளுக்கு 12 இடங்கள் போனால், 30 இடங்களை அன்றாடச் சமையலுக்குக் கொடுத்து, மீதி 10ஐக் காலியாக விடலாம். டிரெண்டை ஜனவரியிலேயே திட்டமிட முடியாது என்பதால்தான் இந்தக் காலியிடம். எதுவும் வராத மாதத்தில் அந்த இடத்தை நிரப்ப, எடுத்து முடித்த நிலைத்த வீடியோக்கள் மூன்றாவது கையிருப்பில் இருக்க வேண்டும். டிரெண்ட் வந்தால், கூகுள் டிரெண்ட்ஸில் யூடியூப் தேடலைத் தேர்ந்து கோட்டைப் பார்க்க வேண்டும். கோடு இறங்கத் தொடங்கியிருந்தால் அதை விட்டுவிடுவதே மேல். படம் பிடித்து எடிட் செய்து முடிப்பதற்குள் ஆர்வம் தணிந்திருக்கும்.

டிரெண்டில் வந்தவர்களில் பலர் அந்த ஒரு வீடியோவோடு போய்விடுவார்கள். அவர்களைத் தங்கவைக்க நிலைத்த வீடியோ ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும். டால்கோனா வீடியோவின் இறுதித் திரையில் ஃபில்டர் காபி டிகாக்‌ஷன் இறக்கும் வீடியோவை வைத்தால், காபி தேடி வந்தவருக்கு அடுத்ததாகப் பார்க்க ஒன்று கிடைக்கும்.

நிலைத்த வீடியோவை முதல் வாரப் பார்வைகளை வைத்து எடைபோடுவது பொதுவாக நடக்கும் தவறு. அது மெதுவாகத்தான் தொடங்கும். மூன்று மாதம் கழித்து யூடியூப் ஸ்டுடியோவில் பார்க்கும்போது தினசரிப் பார்வை சிறிதாயினும் சீராக இருந்து, அதில் பெரும்பகுதி தேடல் வழியே வந்தால் தலைப்பு நிலைத்துவிட்டது என்று கொள்ளலாம். தேடலில் வருபவர் குறைவு என்றால் தலைப்பையும் முகப்புப் படத்தையும் மாற்றிப் பார்க்கலாம். ஆனால் ஏற்றிய வீடியோவை அதே முகவரியில் புதிய வீடியோவாக மாற்ற யூடியூப் அனுமதிப்பதில்லை. அதனால் பல ஆண்டு ஓட வேண்டிய வீடியோவில் அன்றைய காய்கறி விலையையோ அந்த வாரச் செய்தியையோ பேசாமல் இருப்பது நல்லது.