எடிட்டரிடம் என்ன சொல்லி அனுப்புவது?

காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை விற்கும் ஒருவர், முப்பது விநாடி ரீல்ஸுக்காக வெளியூர் எடிட்டரை அமர்த்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் சிக்கல், எடுத்த காட்சிகளை அனுப்புவதிலேயே வரும். வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் அது கோப்பைச் சுருக்கிவிடும். சேலையின் கட்டங்களும் நூலிழையும் குழம்பிப்போகும். கூகுள் டிரைவில் மூலக்கோப்பையே ஏற்றி இணைப்பு தருவதே நல்லது. நாற்பது துண்டுகள் இருந்தால், எதில் முந்தானை, எதில் நெசவு என்று பெயரிட்டுவிடுங்கள். தேடுகிற நேரத்துக்கும் எடிட்டர் கூலி கேட்பார், கேட்பதில் தப்பில்லை.

'இந்த ரீல் மாதிரி வேணும்' என்று இணைப்பை மட்டும் அனுப்புவது போதாது. பிடித்தது இசையா, எழுத்து வரும் விதமா, வெட்டின் வேகமா? 'ஐந்தாவது விநாடியில் விலை வருகிறதே, அப்படி' என்றால் புரியும். சேலையின் நிறத்தை மாற்றும் ஃபில்டர் வேண்டாம் என்பதையும் சொல்லுங்கள். வாங்கியவர் திருப்பி அனுப்புவார்.

திருத்தம் எத்தனை சுற்று என்பதை முன்பணம் தரும்போதே பேசிவிட வேண்டும். இரண்டு சுற்று பெரும்பாலும் போதும். வீட்டில் எல்லோரும் பார்த்த பிறகு, '0:12, விலை தவறு' என்பதுபோல நேரம் குறித்து ஒரே பட்டியலாக அனுப்புங்கள். பின்னணிக் குரலையே மாற்றச் சொன்னால் அது திருத்தமல்ல, புது வேலை, தனிக் கட்டணம்.