அந்த 23 இலக்க எண்ணைக் கேளுங்கள்

மிக்ஸி ஆர்டரை ரத்து செய்து பதினைந்து நாளாகியும் கார்டில் கட்டிய 3,499 ரூபாய் திரும்பவில்லை. "பணத்தை அனுப்பிவிட்டோம்" என்கிறார் விற்பனையாளர். இந்த இடத்தில் கோபத்தைவிட ஒரு கேள்வி நன்றாக வேலை செய்யும். மின்னஞ்சலில் ஆர்டர் எண், ரத்து செய்த தேதி, தொகை ஆகியவற்றை எழுதி, "ஏ.ஆர்.என். எண்ணைத் தாருங்கள்" என்று கேளுங்கள். கார்டுக்குத் திரும்பும் பணத்தைத் தேட உதவும் 23 இலக்க அடையாளம் அது. கிடைத்தால் வங்கியிடம் கொடுத்துத் தேடச் சொல்லலாம். தராமல் இழுத்தடித்தால், பணம் அங்கிருந்து கிளம்பவே இல்லை என்று சந்தேகிக்கலாம். உடனே அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதற்கும் அசையாவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.