33 ஓம் ரெசிஸ்டர் எதற்கு?

சர்க்யூட் போர்டு ஒன்றில் நுண்கட்டுப்படுத்தி, பத்து சென்டிமீட்டர் தள்ளியுள்ள மெமரி சிப்புக்கு நொடிக்கு பத்து லட்சம் துடிப்புகள் கொண்ட கிளாக் சிக்னலை அனுப்புகிறது. இந்தக் காலத்துக்கு இது ஆமை வேகம். ஆனாலும் மெமரி சில சமயம் ஒரு துடிப்பை இரண்டாக எண்ணி, தவறான தரவைத் தருகிறது. ப்ரோகிராமில் பிழை தேடினால் கிடைக்காது.

கோளாறு துடிப்புகளின் எண்ணிக்கையில் இல்லை. ஒவ்வொரு துடிப்பும் எவ்வளவு சட்டென்று ஏறி இறங்குகிறது என்பதில் இருக்கிறது. இந்தச் சிப்பில் அதற்கு ஒரு நானோ செகண்ட் ஆகிறது என்போம். அந்த நேரத்துக்குள் போர்டின் செம்புத் தடத்தில் மின் அலை ஏறக்குறைய 15 செ.மீ. ஓடும். அதனால் பத்து செ.மீ. தடத்தில் போய்த் திரும்பும் முன்பே துடிப்பு முழுதாக ஏறிவிடுகிறது.

தடத்தின் மின்மறுப்பு 50 ஓம், அனுப்பும் சிப்பினுடையது 17 ஓம், மின்னழுத்தம் 3.3 வோல்ட். தடத்தில் முதலில் புறப்படுவது சுமார் 2.5 வோல்ட். மறுமுனையில் மெமரி மின்னோட்டத்தை அநேகமாக வாங்குவதே இல்லை. சுவரில் மோதும் கடல் அலை மேலெழுவதுபோல அங்கே மின்னழுத்தம் இரட்டிப்பாகி ஐந்து வோல்ட்டை எட்டும். திரும்பி வரும் அலை அனுப்பிய சிப்பில் பட்டு, குறி மாறி மறுபடி ஓடும், அடுத்து 2.5, பிறகு 3.7 என்று ஆடி அடங்கும். துடிப்பு இறங்கும்போதும் இதே கதை: பூஜ்யத்துக்குக் கீழே போய், 0.8 வோல்ட் வரை துள்ளும். இத்தகைய பல சிப்களுக்கு ‘பூஜ்யம்’ என்பதன் எல்லையே அதுதான். கொஞ்சம் இரைச்சல் சேர்ந்தால் போதும், இன்னொரு துடிப்பாக எண்ணிவிடும்.

மருந்து மலிவு. அனுப்பும் சிப்பின் காலை ஒட்டி, தடத்தில் தொடராக 33 ஓம் ரெசிஸ்டர். 17-உம் 33-உம் சேர்ந்தால் 50. இப்போது புறப்படுவது பாதி, 1.65 வோல்ட், மறுமுனையில் இரட்டித்துச் சரியாக 3.3 ஆகும். திரும்பும் அலைக்கு எதிரே அதே 50 ஓம் இருப்பதால் அங்கேயே அடங்கிவிடும். வாங்கும் சிப் பக்கம் இதை வைப்பதில் பயனில்லை. தடத்தின் நடுவே இன்னொரு சிப்பை இணைப்பதும் தப்பு: அலை திரும்பும்வரை அது பாதி வோல்ட்டையே பார்த்துக்கொண்டிருக்கும்.

எல்லாத் தடத்துக்கும் வேண்டுமா? துடிப்பு ஏறும் நேரத்தில் அலை ஓடும் தூரத்தில் ஆறில் ஒரு பங்குக்குள் தடம் இருந்தால் பொதுவாகத் தேவையில்லை. ஒரு நானோ செகண்டுக்கு அது இரண்டரை செ.மீ. ஆனால் 0.3 நானோ செகண்டில் ஏறும் புதிய சிப்புக்கு முக்கால் செ.மீ.தான்; ‘குட்டித் தடம்தானே’ என்று விட்ட இரண்டு செ.மீ.யும் அங்கே நீளம்தான்.

ஆசிலோஸ்கோப்பில் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: புரோபின் நீண்ட கிரவுண்ட் வயரே பொய்யான ஆட்டத்தைக் காட்டும். அதைக் கழற்றி, நுனியில் குட்டி ஸ்பிரிங் மாட்டி, மெமரியின் காலிலேயே வைத்துப் பாருங்கள்.