இந்தக் கூட்டுக்கு நான் வரலைடி

இரண்டு தோழிகளை வைத்துக்கொள்வோம். நாள் 2024 ஜூன் 3, திங்கட்கிழமை. வாக்குக் கணிப்புகளை நம்பிய நிஃப்டி அன்று மூன்று சதவீதத்துக்கு மேல் ஏறி 23,263.90-இல் முடிந்திருக்கிறது. மறுநாள் தேர்தல் முடிவு. ஆளுக்கு 50,000 போட்டு நிஃப்டி ஃபியூச்சர்ஸில் ஒரு லாட் வாங்கலாம், கணக்கு என் பெயரில் இருக்கட்டும், லாபம் பாதிப்பாதி என்கிறாள் ஒருத்தி. மற்றவளின் பதில் வாட்ஸ்அப்பில் இப்படி வந்திருக்கலாம்:

"கோவிச்சுக்காதடி. மார்க்கெட் ஏறும்னு நீ சொல்றது சரியாவே இருக்கலாம். ஆனா நடுவுல இறங்கினா யார் பணம் கட்டறதுன்னு நாம பேசவே இல்லை. 50,000-க்கு மேல என்னால முடியாது. நான் கட்டலைன்னா நீதான் கட்டணும். அப்புறம் உன் முகத்துல எப்படி முழிக்கறது? நான் வரலை. சனிக்கிழமை வீட்டுக்கு வா."

பயந்தாங்கொள்ளி என்று தோழி சிரிக்கலாம். கணக்கு என்ன சொல்கிறது?

அப்போது ஒரு லாட் என்பது 25 யூனிட். அதன் மதிப்பு சுமார் 5.8 லட்சம். அதைத் தோழிகள் கையில் பிடிப்பதோ 1 லட்சத்தை வைத்து. ஆக, சந்தை ஒரு சதவீதம் அசைந்தால் அவர்கள் பணம் ஏறத்தாழ ஆறு சதவீதம் அசையும். ஜூன் 4 அன்று நிஃப்டி பகலில் 21,281 வரை சரிந்தது. புள்ளிக்கு 25 ரூபாய் வீதம், குறியீட்டின் சரிவை மட்டும் வைத்துப் பார்த்தாலே, அந்த நேரத்தில் நஷ்டம் 49,500-ஐத் தாண்டுகிறது. மார்ஜின் போதவில்லை, பணம் போடுங்கள் என்று புரோக்கரிடமிருந்து செய்தி வரும். போடாவிட்டால் அவரே விற்று முடித்துவிடலாம். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

வேடிக்கை இனிமேல்தான். ஜூன் 7 அன்று நிஃப்டி 23,290-இல் முடிந்தது. அதாவது, வாங்கிய விலைக்கு மேலேயே. கடன் பலம் இல்லாமல் இண்டெக்ஸ் ஃபண்டில் பணம் வைத்திருந்தவர் மூன்றே நாளில் மீண்டுவிட்டார். நான்காம் தேதியே வெளியேற்றப்பட்டவருக்கு அந்த ஏற்றத்தால் பயனில்லை. ஏறும் என்ற கணிப்பு சரி, தாங்கப் பணம் இல்லை.

கூட்டு என்பதால் சிக்கல் இரட்டிப்பாகிறது. புரோக்கருக்குத் தெரிந்தது கணக்கு வைத்திருப்பவரை மட்டுமே. பாக்கி வந்தால் அவரிடம்தான் கேட்பார்கள், வருமான வரிக் கணக்கிலும் அவர்தான் காட்ட வேண்டும். பணம் கொடுத்த மற்றவளிடம் மிஞ்சுவது ஒரு யுபிஐ ரசீதுதான்.

2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாக செபியின் ஆய்வு சொன்னது. அதன்பின், 2024 நவம்பரில், புதிய குறியீட்டு ஒப்பந்தங்களின் குறைந்தபட்ச மதிப்பு 15 லட்சமாக உயர்ந்தது. ஆளுக்கு 50,000 என்றால் இப்போது இரண்டு பேர் போதாது. கூட்டாளி தேடி வரும் அழைப்புகள் இனி கூடத்தான் செய்யும்.