முள் கீழே, ஃபேன் முழு வேகத்தில்

காலையில் சாவியைத் திருப்பி வண்டியைக் கிளப்பியதுமே ரேடியேட்டர் ஃபேன் முழு வேகத்தில் இரைகிறது. ஏசி போடவில்லை, இன்ஜின் சூடேறவும் இல்லை. டெம்பரேச்சர் முள் அடியில் கிடக்கிறது. கொஞ்ச தூரம் போனதும் பாதிக்கு ஏறுகிறது. ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் திரும்ப அடிக்கே வந்துவிடுகிறது. பெட்ரோலும் வழக்கத்தைவிட அதிகமாகக் குடிக்கிறது.

முள் கீழேயே நிற்கிறது என்று சொன்னதும் பல இடங்களில் தெர்மோஸ்டாட்டை மாற்றச் சொல்வார்கள். தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டால் முள் கீழே நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் அப்போது இன்ஜின் நிஜமாகவே குளிர்ந்திருக்கும், ஃபேனுக்கு வேலையே இராது. முள் ‘குளிர்ச்சி’ என்று காட்டும்போது ஃபேன் முழு வேகத்தில் ஓடினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கூலன்ட் சென்சாரையும் அதற்குப் போகும் ஒயரையும்தான்.

இன்ஜின் தலைப்பகுதியிலோ தெர்மோஸ்டாட் கூட்டின் பக்கத்திலோ, கூலன்டில் மூக்கை நனைத்தபடி பொருத்தியிருக்கும் சின்னப் பித்தளைத் துண்டு அது. உள்ளே இருக்கும் பொருளின் மின்தடை, சூடு ஏற ஏறக் குறையும். பரவலாகப் பயன்படும் ஒரு வகையில் 30 டிகிரியில் சுமார் 1,700 ஓம் இருக்கும். 90 டிகிரியில் வெறும் 240 ஓம். இந்தத் தடையை வைத்துத்தான் வண்டியின் கணினி வெப்பத்தைக் கணக்கிடுகிறது. இப்போதைய பல கார்களில் மீட்டர் முள்ளுக்கும் அதே கணக்குதான் போகிறது. பழைய வண்டிகள் சிலவற்றில் முள்ளுக்குத் தனி சென்சார் உண்டு; அங்கே முள் மட்டும் பொய் சொல்லலாம்.

ஒயர் அறுந்தாலோ கப்ளர் கழன்றாலோ தடை எல்லையில்லாமல் போகும். கணினி அதை மைனஸ் 40 டிகிரி என்று படிக்கிறது. அப்படி இருக்க வாய்ப்பில்லை என்று அதற்குத் தெரியும். P0118 என்ற பிழையைப் பதிந்துகொண்டு, இன்ஜின் உருகிவிடக்கூடாதென்று பெரும்பாலான வண்டிகளில் ஃபேனை நிறுத்தாமல் ஓட்டுகிறது. பள்ளத்தில் குலுங்கியதும் முள் விழுந்ததற்குக் காரணமும் இதுதான்: கப்ளருக்குள் பின் சரியாகத் தொடவில்லை.

கப்ளரைக் கழற்றிப் பார்த்தால் பின்னில் பச்சைக் களிம்பு படிந்திருக்கும். அந்தக் களிம்பு 300 ஓம் தடையைக் கூட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். காலையில் 1,700 என்பது 2,000 ஆகும். 30 டிகிரி 26 ஆகத் தெரியும், யாரும் கவனிக்க மாட்டார்கள். சூடான இன்ஜினிலோ 240 என்பது 540 ஆகிவிடும். நிஜத்தில் 90 டிகிரி இருக்க, கணினிக்கு 60 சொச்சம்தான் தெரியும். இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்துக் கூடுதலாகப் பெட்ரோலை ஊற்றும். தெர்மோஸ்டாட்டைக் குறை சொல்லும் P0128 பிழையும் இப்படித்தான் பல நேரம் வருகிறது. ஆகவே குளிர்ந்த இன்ஜினில் மட்டும் சோதித்துவிட்டு சென்சார் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டுவது தவறு.

சோதனை சுலபம். இன்ஜின் ஆறியபின், சாவியை மட்டும் போட்டு, ஸ்கேனரில் கூலன்ட் அளவைப் பார்த்தபடி கப்ளரைக் கழற்றுங்கள். அளவு மைனஸ் 40-க்குப் போக வேண்டும். பிறகு கப்ளரின் இரு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்தால் உச்சத்துக்கு ஏற வேண்டும். இரண்டும் நடந்தால் ஒயரும் கணினியும் நலம். கோளாறு சென்சாரில் அல்லது பின்னில். எதுவும் அசையாவிட்டால் புது சென்சார் வாங்கிப் பயனில்லை, ஒயரைத் தேடுங்கள். கப்ளரைக் கழற்றிய நொடியே ஃபேன் சுழலத் தொடங்கலாம், கையைத் தள்ளியே வைத்திருங்கள்.

சென்சாரை மாற்றுவதற்கு முன் கூலன்ட் மட்டத்தைப் பாருங்கள். கூலன்ட் குறைந்து, சென்சாரின் மூக்கு காற்றில் நின்றாலும் முள் இப்படித்தான் ஆடும். மாற்றியபின் கூலன்டை நிரப்பி, உள்ளே மாட்டிய காற்றை வெளியேற்ற வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. வண்டியை அணைத்துச் சாவியை எடுத்தபிறகும் ஃபேன் மணிக்கணக்கில் ஓடினால், அது சென்சார் கோளாறு இல்லை, ரிலே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஃபேன் ஓடிக்கொண்டே இருப்பது எரிச்சலைத் தரலாம். அதைவிட ஆபத்தானது ஃபேன் ஓடாமல் இருப்பது. மேலே சொன்ன 300 ஓம் களிம்பு இருக்கும்வரை, கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டினாலும் கணினி அதை 66, 70 என்றே படிக்கும்; டிராஃபிக்கில் நிற்கும்போது ஃபேன் சுழலாது, ஹெட் கேஸ்கெட் போய்விடும். ஆகவே சத்தம் தாங்கவில்லை என்று ஃபேன் ஒயரைக் கழற்றிவிட்டு ஓட்டாதீர்கள். அந்த வாரமே கப்ளரைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.